"தப்பா எதுவும் யோசிக்கலையே?" என்று கேட்காதீர்கள்

கேள்வி: உதவி எண்ணில் தன்னார்வலராகச் சேர்ந்திருக்கிறேன், பயிற்சி நடக்கிறது. தற்கொலை எண்ணம் இருக்கா என்று நேரடியாகக் கேட்கச் சொல்கிறார்கள். அவருக்கு இல்லாத எண்ணத்தை நானே விதைத்த மாதிரி ஆகிவிடாதா?

ஆகாது. நானும் இந்தப் பயத்தோடுதான் முதல் சில மாதங்கள் போனை எடுத்தேன். அதனால் நேர்ந்ததைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன், அதைக் குறையாகச் சொல்ல வேண்டாம்.

எனக்கு மூன்றாவது மாதம். ஒரு பெண் நாற்பது நிமிடம் பேசினார். தூக்கமே இல்லை என்றார். "எல்லாருக்கும் பாரமா இருக்கேன்" என்றார். நடுவில், வளர்த்த பூனையைத் தங்கை வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டதாகவும் சொன்னார். எனக்குள் மணி அடித்தது. ஆனால் அந்தச் சொல் வாயில் வரவில்லை. "தப்பா எதுவும் யோசிக்கலையே?" என்றேன். "இல்லைங்க" என்றார். அப்பாடா என்று இருந்தது எனக்கு. இரண்டு நிமிடத்தில் அழைப்பு முடிந்தது.

நான் கேட்டது கேள்வியே இல்லை. "இல்லை" என்று சொல்லுங்கள் என்ற கெஞ்சல் அது. "தப்பா" என்ற சொல் வேறு, மனதில் இருப்பது வெட்கப்பட வேண்டிய விஷயம் என்று அவருக்குச் சொல்லிவிட்டது.

அடுத்த வாரம் அவரே மறுபடி அழைத்தார். அன்று என்னோடு இருந்த மூத்த தன்னார்வலர் எடுத்தார், நான் இன்னொரு ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் பேசவிட்டு, அதே சாதாரணக் குரலில் கேட்டார்: "தூக்கம் இல்லை, எல்லாருக்கும் பாரமா இருக்கேன்னு சொல்றீங்க. இவ்வளவு வேதனையில இருக்கறவங்களுக்குச் சில சமயம் தற்கொலை எண்ணம் வரும். உங்களுக்கு வருதாம்மா?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு நீளமாக ஒரு மூச்சு. "ஆமா. ரெண்டு மாசமா. போன வாரமே சொல்லணும்னுதான் போன் பண்ணேன்."

அந்தக் கடைசி வாக்கியம் இன்னும் என்னை விடவில்லை. எண்ணம் இரண்டு மாதமாக அங்கேதான் இருந்தது. நான் கேட்காததால் அது இல்லாமல் போகவில்லை. கூடுதலாக ஒரு வாரம் அதோடு அவர் தனியாக இருந்தார், அவ்வளவுதான்.

மூத்தவர் பதறவில்லை, புத்திமதியும் சொல்லவில்லை. இன்றைக்கும் அந்த எண்ணம் இருக்கிறதா, எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறாரா, அதற்கானது கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா, எப்போது என்று முடிவு செய்திருக்கிறாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வீட்டிலேயே இருந்தது. தங்கையை வரச் சொல்ல அவர் ஒப்புக்கொண்டார். தங்கை வந்து அதை எடுத்து வைக்கும்வரை அழைப்பைத் துண்டிக்கவில்லை.

ஒரே சம்பவத்தை வைத்துப் பேசுகிறாய் என்பீர்கள். 2005ல் வெளியான ஓர் ஆய்வில், நியூயார்க் மாநிலத்தில் 2,342 பள்ளி மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு மட்டும் தற்கொலை பற்றிய கேள்விகள் கொடுத்து, இரண்டு நாள் கழித்து எல்லோரையும் விசாரித்தார்கள். கேள்வி கேட்கப்பட்டவர்களிடம் எண்ணமோ மனவேதனையோ கூடியிருக்கவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்தவர்களிடம் வேதனை சற்றுக் குறைவாகவே தெரிந்தது. இப்படிப்பட்ட 13 ஆய்வுகளை 2014ல் ஒன்றாகப் பார்த்தபோதும், கேட்டதால் எண்ணம் கூடியதாக எதிலும் தெரியவில்லை.

"செய்தியைப் படித்துவிட்டுச் செய்துகொள்கிறார்களே" என்று அடுத்து யாராவது கேட்பார்கள். அது உண்மைதான். ஆனால் அங்கே நடப்பது வழியை விவரிப்பதும், இறந்தவரை உயர்த்திக் காட்டுவதும். நீங்கள் கேட்பது அவர் மனதில் என்ன இருக்கிறது என்று. அதனால்தான் "இப்படியா, அப்படியா" என்று வழிகளை நீங்கள் அடுக்கக் கூடாது. அவர் வாயிலிருந்தே வரட்டும்.

எண்ணம் இல்லாதவர் "ஐயோ, அந்த அளவுக்கெல்லாம் இல்லைங்க" என்று சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர்வார். பெரும்பாலும் கோபப்படுவதில்லை. ஆனால் ஒரு முறை "இல்லை" வந்துவிட்டது என்று நிம்மதியாகிவிடாதீர்கள். பேச்சின் போக்கு மாறினால் இன்னொரு முறை கேளுங்கள். "ஆமா" என்றால் பொறுப்பாளருக்கு உடனே தெரியப்படுத்துங்கள், தனியாகச் சுமக்காதீர்கள்.

எனக்கு ஒரு மனக்குறை உண்டு, இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் பயிற்சியில் பதிவேடு எழுத அரை நாள் ஒதுக்கினார்கள். இந்தக் கேள்விக்குக் கடைசிப் பத்து நிமிடம். அதன் பிறகு புதியவர்களை இரவு நேரத்தில் தனியாக உட்கார வைத்தார்கள். கேட்டால் "ஆள் இல்லை" என்பார்கள். வருகிற அழைப்புக்கு அது தெரியுமா?

அந்தப் பெண் மறுபடி அழைத்த வாரம், மூத்தவர் எதிரில் உட்கார்ந்து, அவர் கேட்ட அந்தக் கேள்வியை வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிப் பழகினேன். "தற்கொலை" என்று வரும்போதெல்லாம் என் குரல் தானாகத் தாழ்ந்தது. எட்டாவது முறைதான் தாழாமல் வந்தது.