ஜெர்மனா, ஜப்பானியமா? மணிக்கணக்கு போட்டுப் பாருங்கள்

"தமிழ், ஆங்கிலம் தெரியும். தினமும் ஒரு மணி நேரம்தான் கிடைக்கும். மூன்று வருடத்தில் வேலைக்குப் பயன்படணும். ஜெர்மனா, ஜப்பானியமா?"

உங்களிடம் இருப்பது சுமார் 1,100 மணி நேரம். அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிலையம், ஆங்கிலம் பேசுபவர்கள் வேலைக்குத் தேறுவதற்கு ஜெர்மனுக்கு ஏறக்குறைய 900 வகுப்பு மணியும் ஜப்பானியத்துக்கு 2,200-ம் சொல்கிறது, வீட்டுப்பாடம் தனி.

ஆனால் அது தமிழ் தெரியாதவர்களுக்கான கணக்கு. 'நான் புத்தகத்தைப் படித்தேன்' என்பது ஜப்பானியத்தில் 'வாதாஷி வா ஹோன் ஓ யோமிமாஷிதா'. ஹோன் என்றால் புத்தகம், அதன் பின்னால் வரும் 'ஓ' நம்ம 'ஐ' உருபு செய்யும் வேலையைச் செய்கிறது, வினை கடைசியில். ஆங்கிலக்காரர் தடுமாறும் இந்த அமைப்பு உங்களுக்குப் பழகியதுதான், அதனால் பேச்சு சீக்கிரம் வரும்.

தமிழ் கைகொடுக்காத இடம் எழுத்து. ஜப்பானியர்கள் சீனத்திலிருந்து எடுத்துக்கொண்ட எழுத்துகளுக்கு காஞ்சி என்று பெயர்; அன்றாடப் பயன்பாட்டுக்கான காஞ்சிப் பட்டியலிலேயே 2,136 எழுத்துகள், பலவற்றுக்கு ஒன்றுக்கு மேல் உச்சரிப்பு. நேரத்தை விழுங்குவது இதுதான்.

ஜெர்மனில் வாட்டர் 'வாஸர்', ஹவுஸ் 'ஹௌஸ்' என்று ஆங்கிலம் சொற்களைத் தூக்கிக்கொடுக்கும். ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் முன்னால் டெர், டீ, டாஸ் மூன்றில் எது வரும் என்பது மனப்பாடம்தான்.

சரி, 'வேலைக்கு' என்றால் என்ன? மின்னஞ்சலும் ஆவணமும் படிக்கணும் என்றால் உங்கள் நேரத்துக்கு ஜெர்மன்தான், யோசிக்கவே வேண்டாம். வாடிக்கையாளரிடம் பேசினால் போதும் என்றால் ஜப்பானியம் எடுக்கலாம், அப்போதும் இரண்டு வாரம் தினம் ஐந்து காஞ்சி எழுதிப் பாருங்கள், பதினைந்தாம் நாள் முதல் வாரத்து எழுத்துகளில் பாதிகூட நினைவில் இல்லையென்றால் ஜெர்மனுக்கு மாறிவிடுங்கள்.