காஸ்டிக் லை தொட்டியில் லெவல் டிரான்ஸ்மிட்டர்: அடர்த்தியை எங்கே சேர்ப்பது?

கேள்வி: சேலத்தில் ஒரு துணி பதனிடும் ஆலையில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். மேலே திறப்புள்ள காஸ்டிக் லை தொட்டிக்கு டிபி லெவல் டிரான்ஸ்மிட்டர் போட்டிருக்கிறோம். தண்ணீர் நிரப்பிப் பார்த்தபோது சரியாகக் காட்டியது. லை ஏற்றியதும் இருப்பதைவிட மிக அதிகமாகக் காட்டுகிறது. ஜீரோ திருத்தினாலும் சரியாகவில்லை. டிரான்ஸ்மிட்டரை மாற்ற வேண்டுமா?

பதில்:

மாற்ற வேண்டாம். தொட்டியோடு இணைந்திருக்கும்போது ஜீரோவையும் இனிமேல் தொட வேண்டாம். நீங்கள் சொல்வதை அப்படியே நான் ஒரு முறை பார்த்திருக்கிறேன், அதுவும் சேலத்துக்கு வெளியே ஒரு மெர்சரைசிங் ஆலையில்தான். அந்தக் கணக்கையே சொல்லிவிடுகிறேன். உங்கள் தொட்டியின் அளவுகளை அதில் பொருத்திக்கொள்ளுங்கள்.

அங்கே தொட்டியின் விட்டம் 3 மீட்டர். அடியில் உள்ள நாசிலின் மையத்திலிருந்து 4000 மி.மீ. உயரம் வரை அளக்க வேண்டும். தொட்டி மேடைமேல் நின்றதால் டிரான்ஸ்மிட்டர் நாசிலுக்கு 400 மி.மீ. கீழே ஸ்டாண்டில் இருந்தது. ஹெச்பி பக்கம் இம்பல்ஸ் லைன் வழியாக நாசிலோடு சேர்ந்திருந்தது. எல்பி பக்கம் காற்றுக்குத் திறந்திருந்தது. நிறுவியவர்கள் தண்ணீரை நிரப்பி, 400 முதல் 4400 mmH2O என்று ரேஞ்ச் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். தண்ணீருக்கு அது மிகச் சரி.

முதல் டேங்கர் லாரி 48 சதவீத லையோடு வந்தது. பாதிக்குச் சற்று மேலே ஏறியதுமே திரையில் 100 சதவீதம் வந்து இறக்கும் பம்ப் நின்றுவிட்டது. லாரிக்காரர், "சார், வண்டியில் இன்னும் சரக்கு இருக்கிறது, தொட்டி எப்படி நிறைந்தது?" என்று சண்டைக்கு வந்துவிட்டார். அவர் கேட்டது நியாயம். டிரான்ஸ்மிட்டருக்கு உயரம் தெரியாது. தன் டயாப்ரம்மீது எவ்வளவு பாரம் நிற்கிறது என்பது மட்டுமே தெரியும். 48 சதவீத லை தண்ணீரைப் போல ஒன்றரை மடங்கு கனம். ஆகவே உண்மையில் 2533 மி.மீ. உயரத்திலேயே 4400 mmH2O அழுத்தம் வந்துவிட்டது.

அங்கிருந்த தம்பி ஒருவர் கோலை விட்டு அளந்து, உண்மை அளவு 63 சதவீதம் என்று கண்டுபிடித்தார். அதுவரை சரி. பிறகு திரையும் 63 காட்டும்படி ரேஞ்சின் இரு முனைகளையும் 1467 மி.மீ. மேலே நகர்த்திவிட்டார். அன்றைக்கு எல்லோருக்கும் திருப்தி. பத்து நாளில் லை இறங்கி, திரை பூஜ்யம் காட்டியது. கீழ் எல்லை இன்டர்லாக் பம்பை நிறுத்தியது, லை தீர்ந்துவிட்டது என்று அடுத்த லாரிக்கும் சொல்லியாகிவிட்டது. அப்போது நாசிலுக்கு மேலே இன்னும் 845 மி.மீ. லை நின்றது. ஏறக்குறைய 9 டன்! நகர்த்தும் திருத்தம் ஒரே ஒரு உயரத்தில் மட்டும் பொருந்தும். அடர்த்தியால் வரும் பிழையோ உயரத்தோடு சேர்ந்து வளர்வது.

இந்த இரண்டையும் பிரித்தறிய, இரு வேறு உயரங்களில் கோல் அளவும் திரை அளவும் எடுத்தால் போதும். தண்ணீர் ரேஞ்சில் இருந்த அந்தத் தொட்டியில் உண்மை 1000 மி.மீ. இருந்தபோது திரை 1700 காட்டியிருக்கும். 2000 இருந்தபோது 3200. உண்மையில் 1000 ஏறியதற்குத் திரையில் 1500 ஏறுகிறது. ரேஞ்சில் வைத்த அடர்த்தியைவிட உள்ளே இருப்பது 1.5 மடங்கு என்று அதுவே சொல்லிவிடுகிறது. இரு இடத்திலும் வித்தியாசம் ஒரே அளவாக இருந்தால் மட்டுமே அது ஜீரோ கோளாறு. இன்னொன்றையும் கவனியுங்கள். லை நாசில் மட்டத்துக்கு இறங்கினாலும் திரை 5 சதவீதம் காட்டும், ஏனென்றால் இம்பல்ஸ் லைனில் உள்ள 400 மி.மீ. நீளமும் லைதான். அந்த 5 சதவீதத்தைப் பார்த்துத்தான் பலரும் ஜீரோ மேல் பழி போடுகிறார்கள். நீங்களும் அதைத்தான் திருத்தியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

சரிசெய்வதற்கு முதலில் அடர்த்தி வேண்டும். சப்ளையர் தாளில் உள்ளதை நம்பாமல் தொட்டியிலிருந்தே மாதிரி எடுங்கள். உங்கள் ஆய்வகத்தில் ட்வாடில் ஹைட்ரோமீட்டர் இல்லாமல் இருக்காது. ட்வாடில் அளவை 200ஆல் வகுத்து 1 கூட்டினால் ஒப்படர்த்தி வந்துவிடும். அங்கே 100 ட்வாடில் வந்தது, அதாவது 1.50. பிறகு நாசில் மையத்திலிருந்து டிரான்ஸ்மிட்டர் டயாப்ரம் மையம் வரையிலான இறக்கத்தை டேப் வைத்து நீங்களே அளக்க வேண்டும். வரைபடத்தில் இருப்பதும் சுவரில் இருப்பதும் ஒன்றாக இருந்து நான் பார்த்ததில்லை.

```
LRV = 400 × 1.50 = 600 mmH2O
URV = (400 + 4000) × 1.50 = 6600 mmH2O
```

சப்ரெஷன், எலிவேஷன் என்ற பெயர்களைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். தொட்டி வெறுமையாக இருக்கும்போது டயாப்ரம்மீது என்ன அழுத்தம், நிறைந்திருக்கும்போது என்ன அழுத்தம் என்ற இரண்டு எண்கள் போதும். டிரான்ஸ்மிட்டரின் மேல் எல்லை 6600ஐத் தாங்குமா என்று மட்டும் பெயர்த்தகட்டில் பாருங்கள்.

கேலிபரேஷன் என்பது இதிலிருந்து வேறு வேலை. டிரான்ஸ்மிட்டர் அழுத்தத்தைச் சரியாக அளக்கிறதா என்று பார்ப்பது கேலிபரேஷன். எந்த அழுத்தத்துக்கு 4 மில்லிஆம்பியர், எதற்கு 20 என்று சொல்வது ரேஞ்ச். அடர்த்தி ரேஞ்சில்தான் சேரும், டிரிம்மில் ஒருபோதும் சேராது. ரூட் வால்வை மூடி இம்பல்ஸ் லைனை வடியுங்கள். கண்ணையும் முகத்தையும் மூடும் கவசமும் ரப்பர் கையுறையும் இல்லாமல் அந்த டிரெயின் பிளக்கில் கை வைக்காதீர்கள், பக்கத்தில் தண்ணீர்க் குழாய் ஓடட்டும். லை கண்ணில் பட்டால் நேரம் தராது. ஹெச்பி, எல்பி இரண்டையும் காற்றுக்குத் திறந்துவிட்டு, அந்த நிலையில்தான் ஜீரோ டிரிம். தொட்டியோடு இணைந்திருக்கும்போது செய்த ஜீரோ டிரிம் எல்லாம், உள்ளே அப்போது இருந்த லையை ‘இல்லை’ என்று சொல்வதற்குச் சமம். உங்கள் டிரான்ஸ்மிட்டரில் அப்படித்தான் நடந்திருக்கும். அதை இப்போது நீக்கிவிடுங்கள்.

பிறகு LRV, URV மதிப்புகளைக் கம்யூனிகேட்டரில் எழுதிவிட்டு, கை பம்பையும் நம்பகமான கேஜையும் ஹெச்பி பக்கம் மாட்டுங்கள். 600இல் 4 மில்லிஆம்பியர், 3600இல் 12, 6600இல் 20 வர வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் பாருங்கள். இடையில் 2100க்கு 8, 5100க்கு 16. வந்துவிட்டால் டிரான்ஸ்மிட்டர் நல்லது. மீண்டும் இணைக்கும்போது இம்பல்ஸ் லைனில் காற்றுக் குமிழி தங்காமல் மெதுவாக லையை நிரப்பி வெளியேற்ற வேண்டும். கடைசியாக மறுபடியும் இரு உயரங்களில் கோல் அளவு எடுங்கள்.

உங்களுடையது கேபிலரியோடு கூடிய டயாப்ரம் சீல் வகையாக இருந்தால் ஒரு மாற்றம். அந்த 400 மி.மீ.யில் இருப்பது லை அல்ல, உள்ளே நிரப்பிய எண்ணெய். அதன் ஒப்படர்த்தி 0.95 என்றால் கீழ்முனை 380 mmH2O, மேல்முனை 380 + 6000.

சேலம் வெயிலுக்கு அடர்த்தி மாறாதா என்று கேட்கலாம். மாறும். 48 சதவீத லை 20 டிகிரியில் 1.507, 40 டிகிரியில் 1.492. ஒரு சதவீதம், அதாவது முழுத் தொட்டியில் 40 மி.மீ. சேமிப்புத் தொட்டிக்கு அதற்காக நான் மெனக்கெட மாட்டேன். ஏற்காட்டில் வேலை பார்க்கும் ஒருவர், 1500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவாயிற்றே, ரேஞ்சை மாற்ற வேண்டாமா என்று கேட்டார். வேண்டாம். லையின் மேலும் அதே காற்று, எல்பி துளையிலும் அதே காற்று, இரண்டும் கழிந்துவிடும். அந்த எல்பி துளை திறந்திருக்கிறதா என்பதுதான் பெரிய விஷயம். குளவி மண் கூடு கட்டி அடைத்துவிட்டால் உள்ளே சிக்கிய காற்று மதியம் சூடாகி விரியும், லை அசையாமல் இருக்கும்போதே அளவு காலைக்கும் மதியத்துக்கும் மாறும். சிறு வலை ஒன்றை மாட்டி, துளையைக் கீழ்நோக்கி வையுங்கள்.

கணக்குப் பிரிவுக்கு டன் கணக்குத்தான் வேண்டும் என்றால் அடர்த்தியோடு மல்லுக்கட்டவே தேவையில்லை. நேர் சுவர் தொட்டியில் 600க்கு மேல் வரும் ஒவ்வொரு mmH2Oவும் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கிலோ. 7.07 சதுர மீட்டருக்கு 6000 என்றால் 42.4 டன். லை சற்று நீர்த்திருந்தாலும் டன் ஏறக்குறைய சரியாகவே இருக்கும். உயரம்தான் தவறும்.

அந்தத் தவறு எந்தப் பக்கம் என்பதை யோசித்துவிடுங்கள். 1.50க்கு ரேஞ்ச் வைத்த பிறகு 32 சதவீத லை வந்தால், அதன் அடர்த்தி ஏறத்தாழ 1.34, தொட்டி விளிம்பு வரை நிறைந்தும் திரை 88தான் காட்டும். மேல் எல்லை டிரிப் 90இல் இருந்தால் அது வேலையே செய்யாது. நான் சொன்ன ஆலையில் ஆண்டு இறுதியில் தொட்டியைக் கழுவத் தண்ணீர் விட்டார்கள். திரையில் 63 சதவீதம், வழிவுக் குழாயில் அருவி. லை கலந்த தண்ணீர் தொட்டியைச் சுற்றியுள்ள தடுப்புச் சுவருக்குள் நின்றதால் தப்பித்தார்கள். மறுவாரம் தொட்டியின் மேலே, 3800 மி.மீ. உயரத்தில், அடர்த்தியைச் சாராத மிதவை ஸ்விட்ச் ஒன்றை வைத்து, அதையே இறக்கும் பம்போடு நேராக இணைத்தோம்.