முதல் ரிப்போர்ட்டில் 13.8, மறுநாள் 9.2

கேள்வி: கவ்வாத்து வெட்டும்போது கத்தி அண்ணனின் தொடையில் இறங்கி நிறைய இரத்தம் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனதும் எடுத்த ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் 13.8, நோர்மல் என்றார்கள். தையல் போட்டு, இரத்தம் நின்று, சேலைன் ஏற்றி, மறுநாள் காலையில் பார்த்தால் 9.2. நின்ற பிறகு எப்படிக் குறையும்? சேலைன்தான் காரணமா, இல்லை முதல் ரிப்போர்ட் பிழையா?

இரண்டு ரிப்போர்ட்டும் சரியாகத்தான் இருக்கும். அண்ணன் இழந்த இரத்தம் கத்தி பட்ட நேரத்திலேயே போய்விட்டது, அது காகிதத்தில் தெரிவதற்குத்தான் ஒரு நாள் பிடித்திருக்கிறது. நான் மலையகத்தில் ஒரு ஆஸ்பத்திரியின் சத்திரசிகிச்சை வார்டில் பதினொரு வருடமாகத் தாதியாக இருக்கிறேன். கவ்வாத்துக் கத்தி, புல்வெட்டும் மெஷின், சரிவில் விழுந்தது என்று வருகிறவர்களின் வீட்டார் முக்கால்வாசிப் பேர் இதைக் கேட்டுவிடுவார்கள்.

போன வருடம் ஒரு அம்மா நீங்கள் கேட்டதையே கொஞ்சம் கோபமாகக் கேட்டார். "நேத்து நல்லா இருந்த ரத்தத்தைத் தண்ணி ஏத்திக் கெடுத்துட்டீங்களா மிஸி?" மகனுக்காக பிளாஸ்க்கில் சாயத்தண்ணி கொண்டுவந்திருந்தார். ஒரு கண்ணாடிக் கிளாஸில் அதை நிறைய ஊற்றச் சொன்னேன். நல்ல கடும் சாயம். அதில் மூன்றில் ஒரு பங்கைக் கீழே ஊற்றிவிட்டு, மிச்சத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, "சாயம் வெளுத்திருக்காம்மா?" என்று கேட்டேன். "இல்லையே, அளவுதான் குறைஞ்சிருக்கு" என்றார். பிறகு வார்டு பிளாஸ்க்கிலிருந்து சுடுதண்ணி விட்டு கிளாஸை மறுபடி நிரப்பினேன். அப்போதுதான் நிறம் மங்கியது. சாயம் எப்போது போனது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கிளாஸையே பார்த்துவிட்டு, "நீங்க கீழ ஊத்துனப்பவே போயிருச்சு" என்றார்.

லேப்பில் அளப்பது இந்த நிறத்தைப் போன்ற ஒன்றைத்தான். 13.8 என்றால் 100 மில்லி இரத்தத்தில் 13.8 கிராம் ஹீமோகுளோபின் இருக்கிறது என்று பொருள். உடம்பில் மொத்தம் எத்தனை லீட்டர் இரத்தம் மிச்சம் இருக்கிறது என்று அந்த மெஷினுக்குத் தெரியாது. காயத்திலிருந்து கொட்டும்போது சிவப்பணுவும் அது மிதக்கும் நீரும் ஒரே விகிதத்தில், சேர்ந்துதான் வெளியேறுகின்றன, அதனால் உள்ளே நிற்பது அளவில் குறைந்தாலும் செறிவில் அப்படியே இருக்கும்.

உங்கள் அண்ணனின் கணக்கையே போட்டுப் பார்க்கலாம். எடை 60 கிலோ என்று வைத்துக்கொள்வோம். வளர்ந்த ஒருவருக்குக் கிலோவுக்கு 70 மில்லி இரத்தம் என்பது வழக்கமான கணக்கு, ஆக மொத்தம் 4200 மில்லி. 13.8 வீதம் அதில் ஏறக்குறைய 580 கிராம் ஹீமோகுளோபின் இருந்திருக்கும். 1400 மில்லி, அதாவது மூன்றில் ஒரு பங்கு, வெளியே போய்விட்டது என்றால் மிச்சம் 2800 மில்லி இரத்தமும் 386 கிராம் ஹீமோகுளோபினும். அந்த நேரத்தில் ஊசி போட்டு எடுத்தால் 13.8 என்றுதான் வரும். பிறகு அந்த 386 கிராமே மறுபடி நிரம்பிய 4200 மில்லியில் பரவும்போது 9.2. கூட ஒரு சொட்டு இரத்தம் போகாமலே அந்த எண் வந்துவிடும். இதைத் திருப்பிப் பார்த்தால், அவருக்கு ஏறக்குறைய ஒன்றரை லீட்டர் போயிருக்கலாம் என்று தெரிகிறது. நோர்மல் என்று சொன்ன அந்த நேரத்தில் அவர் உண்மையில் ஆபத்தான நிலையில் இருந்திருக்கிறார்.

சரி, நிரப்பியது யார்? சேலைனின் பங்கு நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. ஒரு லீட்டர் சேலைன் ஏற்றினால் கொஞ்ச நேரத்தில் அதில் கால்வாசி போலத்தான் இரத்தக் குழாய்க்குள் நிற்கும், மிச்சம் திசுக்களுக்குள் கசிந்துவிடும். பெரிய வேலையைச் செய்வது உடம்புதான். இரத்தம் குறைந்ததும் சின்னக் குழாய்கள் இறுகிக்கொள்கின்றன, அதனால் நுண்குழாய்களுக்குள் அழுத்தம் விழுகிறது. அழுத்தம் விழுந்ததும் இரத்தத்திலுள்ள புரதம் சுற்றியுள்ள திசு நீரை உள்ளே இழுக்கிறது. அதோடு சிறுநீரகம் தண்ணீரையும் உப்பையும் விடாமல் பிடித்து வைக்கிறது, ஆளுக்குத் தாங்க முடியாத தாகம் எடுக்கிறது. இது சில நிமிடங்களிலேயே தொடங்கினாலும் முழுதாகச் சமன்பட ஒன்று முதல் மூன்று நாள் வரை ஆகும். ஆக, சேலைன் போடாமல் விட்டிருந்தாலும் அந்த எண் இறங்கியே இருக்கும், மெதுவாக. அதற்குள் சிறுநீரகமோ மூளையோ இரத்தம் போதாமல் கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளத்தான் சேலைன்.

ஆனால் உங்கள் சந்தேகத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. இரத்தம் இன்னும் நிற்காதவருக்கு லீட்டர் லீட்டராகச் சேலைன் மட்டும் ஏற்றிக்கொண்டே போனால் உறையவைக்கும் பொருட்களும் நீர்த்துப்போகும், கசிவு கூடும். அதனால்தான் அப்படிப்பட்டவருக்கு இப்போது சேலைனைக் குறைத்து, இரத்தத்தைச் சீக்கிரமாகவே ஏற்றுகிறார்கள். அப்புறம், சேலைன் ஓடிக்கொண்டிருக்கும் கையிலேயே மேல் பக்கத்தில் ஊசி குத்தி மாதிரி எடுத்தால் எண் பொய்யாகக் குறைந்து வரும். மற்றக் கையில் எடுத்தார்களா என்று நீங்கள் தாராளமாகக் கேட்கலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

முதல் எண்ணை நம்பி ஏமாறுவதை என் கண்ணாலேயே பார்த்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிது, இப்போதிருக்கும் ஆஸ்பத்திரி இல்லை. விறகுக் கட்டோடு படியில் வழுக்கி, இடது விலா கல்லில் மோதிய ஒரு பையனை லயத்து ஆட்கள் ஓட்டோவில் கொண்டுவந்தார்கள். வெளியே ஒரு கீறல்தான். ஹீமோகுளோபின் 13.4 என்று வந்ததும் "இரத்தம் நல்லா இருக்கு" என்று சொல்லி அவனைக் கடைசிக் கட்டிலுக்கு மாற்றினார்கள். ஆனால் நாடி 116. பிரஷர் 108க்கு 88, மேல் எண்ணைப் பார்த்தால் நல்லதுதான், இரண்டுக்கும் நடுவில் 20தான் இடைவெளி என்பதை யாரும் கவனிக்கவில்லை. விரல் நகத்தை அழுத்தி விட்டேன், நிறம் திரும்ப நான்கு வினாடிக்கு மேல் எடுத்தது. இரண்டு வினாடிக்குள் திரும்ப வேண்டும். அது மழைக் குளிரால்கூட இருக்கலாம் என்று முதலில் நினைத்தேன், இங்கே எல்லார் கையும் குளிர்ந்துதான் இருக்கும். ஆனால் கம்பளி போர்த்திச் சூடான பிறகும் அப்படியேதான் இருந்தது. காலையிலிருந்து சிறுநீரும் போகவில்லை என்றான்.

ஒரு லீட்டர் சேலைன் போனதும் நாடி 98க்கு இறங்கியது, எல்லாருக்கும் நிம்மதி. அரை மணி நேரத்தில் மறுபடி 124. இரண்டாவது ஹீமோகுளோபின் 10.1. ஸ்கேனில் மண்ணீரலைச் சுற்றி இரத்தம் தேங்கியிருந்தது. ஒப்பரேஷன் செய்தார்கள், பிழைத்துக்கொண்டான்.

உங்கள் அண்ணனுக்கும் அந்தப் பையனுக்கும் ஹீமோகுளோபின் இறங்கியது, ஆனால் இரண்டும் ஒன்றில்லை. எண் இறங்கும்போதே நாடித் துடிப்பு வழக்கமான வேகத்துக்கு இறங்கி, பிரஷர் நிலையாக இருந்து, கை கால் சூடாகி, சிறுநீர் தாராளமாகப் போனால் அது பழைய இழப்பின் கணக்குத் தீர்வதுதான். சிறுநீர் என்றால் மணிக்குக் கிலோவுக்கு அரை மில்லி, 60 கிலோ ஆளுக்கு 30 மில்லியாவது வர வேண்டும். நாடி மறுபடி ஏறினால், சேலைன் நின்றதும் பிரஷர் விழுந்தால், கட்டு நனைந்தால் அல்லது தொடை வீங்கி இறுகினால், எங்கோ இன்னும் போய்க்கொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு உடனே கூப்பிடுங்கள். பிரஷருக்கென்று இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவராக இருந்தால் நாடி ஏறாமலேகூட இருக்கலாம், அதை டொக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதல் எண்ணே குறைவாக வந்தால் அதை லேசாக விடக்கூடாது. ஒன்று, இரத்தம் மிக வேகமாகப் போயிருக்கிறது, அல்லது தோட்டத்திலிருந்து ஓட்டோவில் இறங்கி வந்த அந்த ஒன்றரை மணி நேரத்தில் உடம்பு நிரப்பத் தொடங்கிவிட்டது. இல்லாவிட்டால் முதலிலிருந்தே இரத்தசோகை இருந்திருக்கிறது. நம் கொழுந்தெடுக்கும் பெண்களில் இந்தக் கடைசி வகை அதிகம். 9 வைத்துக்கொண்டு மலையேறுகிற ஒரு அக்காவுக்குப் பிரசவத்தில் மூன்றில் ஒரு பங்கு போனால் முதல் ரிப்போர்ட் 9தான் காட்டும், "இவங்களுக்கு எப்பவுமே இப்படித்தான்" என்று விட்டுவிடுவார்கள், மறுநாள் அது 6. கர்ப்ப கால கிளினிக் அட்டையில் பழைய எண் இருக்கும், அதைக் கையோடு எடுத்துப்போவது இங்கே உண்மையிலேயே உயிர் காக்கிற விஷயம்.

அண்ணனுக்கு இப்போது 9.2, இதய நோய் இல்லாமல் நிலையாக இருப்பவருக்குப் பொதுவாக 7க்குக் கீழே போனால்தான் இரத்தம் ஏற்றுவதைப் பற்றி யோசிப்பார்கள், அதனால் ஏற்றவில்லையே என்று பயப்பட வேண்டாம். நாளைக்கும் ஒரு தடவை பார்ப்பார்கள், இன்னும் கொஞ்சம் இறங்கி 8.8 என்று வந்தாலும், மேலே சொன்ன அறிகுறிகள் இல்லையென்றால் திடுக்கிடாதீர்கள்.

ஏறுவதற்குத்தான் வாரக்கணக்கில் ஆகும். நீர் ஓரிரு நாளில் நிரம்பிவிடும், சிவப்பணுவை எலும்பு மச்சை புதிதாகச் செய்ய வேண்டும், அதற்கு இரும்பு வேண்டும். போன ஹீமோகுளோபினோடு ஏறக்குறைய 650 மில்லிகிராம் இரும்பு போயிருக்கும், சாப்பாட்டிலிருந்து ஒரு நாளைக்கு உடம்பு பிடித்துக்கொள்வது ஒன்று இரண்டு மில்லிகிராம்தான். இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தால் ஒரு நாளும் விடாமல் போடச் சொல்லுங்கள். மாத்திரை போட்ட கையோடு சாயத்தண்ணி குடித்துவிட்டால் பாதி வீண், தேயிலையில் உள்ள பொருள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது தேத்தண்ணி வேண்டாம், தேசிக்காய்த் தண்ணியோடு போட்டால் நல்லது. மலம் கறுப்பாகப் போகும், அது மாத்திரையால்தான்.