வெளிநாட்டு உரிமையாளரின் வாடகைக்கு வரி பிடிக்காத நோட்டீஸ்

“மதுரை கே.கே. நகரில் மாதம் 20,000 ரூபாய் வாடகை. உரிமையாளர் துபாயில் இருக்கிறார். 2023-24க்கு வரி பிடிக்கவில்லை என்று நோட்டீஸ் வந்துள்ளது. என்ன பதில் எழுதுவது?”

ஐயா, வாடகை குறைவு என்று எழுதாதீர்கள். வெளிநாட்டில் வசிப்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் வரி பிடிக்கச் சொல்லும் வருமான வரிச் சட்டத்தின் 195ஆம் பிரிவில் குறைந்தபட்ச வரம்பு இல்லை. ஆனால் உரிமையாளர் அந்த வாடகையைக் காட்டி ரிட்டர்ன் தாக்கல் செய்து, அதற்குரிய வரியையும் செலுத்தியிருந்தால், பிடிக்காத வரியை உங்களிடம் கேட்க முடியாது. 201ஆம் பிரிவின் இந்தப் பாதுகாப்பு, 2019 செப்டம்பர் 1 முதல் வெளிநாட்டில் வசிப்பவருக்குக் கொடுத்த பணத்துக்கும் பொருந்துகிறது. முதலில் அவரிடம் பேசுங்கள். ஆடிட்டர் சான்றளிக்கும் படிவம் 26ஏ-தான் உங்கள் பதிலின் உயிர்.

வட்டி மட்டும் தப்பாது: 31.2 சதவீதப்படி ஒரு மாத வரி 6,240 ரூபாய். 2023 ஏப்ரல் வாடகைக்கு, அவர் 2024 ஜூலையில் தாக்கல் செய்திருந்தால், மாதம் 1 சதவீதமாக 16 மாதத்துக்குச் சுமார் 998 ரூபாய். இப்படியே ஒவ்வொரு மாதத்துக்கும் கணக்கிட்டுச் செலுத்தி, சலானையும் பதிலோடு இணையுங்கள்.