நோட்டீஸ் காலத்துக்குக் கடன் வாங்காதீர்கள்

ஐயா, மகளின் வேலை மாற்றத்துக்காகக் கடன் வாங்கத் தயாராகிவிட்டதாக நீங்களும் உங்கள் மனைவியும் சொன்னீர்கள். உங்கள் பதற்றம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்தக் கடனை வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். நீங்கள் போட்டிருக்கும் கணக்கும் சரியில்லை, அந்தக் கணக்கு எந்த வேலைக்காகப் போடப்பட்டதோ அந்த வேலையையும் உங்கள் மகள் கேட்கவில்லை.

ராஜினாமா கொடுத்த பிறகும் வேலையில் இருக்க வேண்டிய நோட்டீஸ் காலம் அவருடைய ஒப்பந்தத்தில் 90 நாள். அவருக்கு வேலை தர முன்வந்துள்ள பெயர்பெற்ற நிறுவனம் 30 நாளில் வந்து சேரச் சொல்கிறது, எனவே 60 நாள் குறைகிறது. கடன் வாங்கி, இப்போதைய நிறுவனத்துக்கு இரண்டு மாத முழுச் சம்பளத்தைக் கட்டிவிட்டுப் போகட்டும் என்பது உங்கள் மைத்துனரின் யோசனை. தரவுப் பகுப்பாய்வுதான் தனக்கு வேண்டும் என்று மகள் என்னிடம் தெளிவாகச் சொன்னார். அந்தப் பெரிய நிறுவனம் தருவதோ வாடிக்கையாளர் சேவைப் பணி. பகுப்பாய்வு வேலை தரும் சிறிய நிறுவனம் 60 நாள் வரை காத்திருக்கச் சம்மதித்துள்ளது. உறவினர் வீட்டில் சொல்லிக்கொள்ள ஒரு பெயர் கிடைக்கும் என்பதற்காக அவர் விரும்பாத வேலைக்கு இரண்டு மாதச் சம்பளத்தைக் கொட்டுவதை நான் ஏற்கமாட்டேன்.

முதலில் ஒப்பந்தத்தின் நோட்டீஸ் பிரிவை எடுத்து இரண்டு இடங்களைப் படியுங்கள். ஒன்று, பணம் கட்டி முன்னதாக விலகுவது ஊழியரின் உரிமையா அல்லது நிறுவனத்தின் சம்மதத்துக்கு உட்பட்டதா என்பது. சம்மதம் வேண்டும் என்று எழுதியிருந்தால், பணத்தைக் கட்டிவிட்டதாலேயே விடுவிப்பு கிடைத்துவிடாது. கடைசி வேலைநாளை நிறுவனம் மின்னஞ்சலில் உறுதிசெய்யும் முன் நின்றுவிட்டால், சொல்லாமல் வேலையைவிட்டுப் போனவர் என்று பதிவாகி, முறைப்படி விடுவித்ததைக் காட்டும் ரிலீவிங் லெட்டர் சிக்கிக்கொள்ளக்கூடும். புதிய நிறுவனம் முதலில் கேட்கப்போவது அந்தக் கடிதத்தைத்தான்.

இரண்டு, தொகை எந்தச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது என்பது. அடிப்படைச் சம்பளமா, படிகள் சேர்ந்த மொத்தச் சம்பளமா என்பதில் தொகை பாதிக்கும் கீழே இறங்கலாம். மகளின் மாத மொத்தச் சம்பளத்தை 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். அதில் அடிப்படைச் சம்பளம் 40 பங்கு. நீங்கள் மொத்தச் சம்பளத்தைக் கொண்டு 60 நாளுக்கு 200 பங்கு என்று கணக்கிட்டிருக்கிறீர்கள். ஒப்பந்தமோ அடிப்படைச் சம்பளம் என்கிறது, எனவே அது 80 பங்குதான்.

இனி, யாரும் உங்களிடம் பேசாத வழிக்கு வருகிறேன். சிறிய நிறுவனத்துக்குப் போவதானால் குறைவது 30 நாள், அதாவது 40 பங்கு. பொறுப்புகளை ஒப்படைக்கும் பணியைத் தேதிவாரியாக எழுதி, நோட்டீஸ் காலம் 75-ஆம் நாளிலேயே முடிந்துவிட்டதாகக் கணக்கிட்டு மீதி 15 நாளைத் தள்ளுபடி செய்யும்படி, ராஜினாமா கொடுத்த முதல் வாரத்திலேயே மகள் தன் மேலாளரிடம் கேட்கட்டும். தன் இடத்துக்கு வருபவர் யார், எந்த வேலை எவ்வளவு பாக்கி என்ற பட்டியலோடு கேட்பவருக்கு மேலாளர் இசைவது எளிது, ஏனென்றால் அவர் அஞ்சுவது வேலை நின்றுபோவதற்குத்தான். அவர் இசைந்தால், கட்ட வேண்டியது 60-ஆம் நாளிலிருந்து 75-ஆம் நாள் வரையிலான 15 நாளுக்கு மட்டும், அதாவது 20 பங்கு.

அந்த 15 நாளையும், மகள் எடுக்காமல் சேர்த்துவைத்திருக்கும் விடுப்பில் கழிக்கலாமா என்று எச்.ஆர். துறையிடம் கேட்கலாம். இங்கே கவனம் தேவை. மீதமுள்ள விடுப்புக்கு நிறுவனம் எப்படியும் அதே விகிதத்தில் பணம் தருவதாக இருந்தால், கழிப்பதால் லாபம் ஏதுமில்லை, ஒரு கையில் கொடுத்து மறு கையில் வாங்குவதுதான். பணமாக்க முடியாத விடுப்பாக இருந்தால் மட்டுமே அது உண்மையான சேமிப்பு. நோட்டீஸ் காலத்தில் விடுப்பு எடுத்தால் கடைசி நாளைத் தள்ளிவைக்கும் நிறுவனங்களும் உண்டு, அதனால் கழிப்பதற்கான சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள்.

கையிலிருந்து பணம் போக வேண்டிய அவசியமும் பெரும்பாலும் இராது. இறுதிக் கணக்கு முடிக்கும்போது கடைசிச் சம்பளத்திலிருந்தும் நிலுவைகளிலிருந்தும் நிறுவனம் அந்தத் தொகையைப் பிடித்துக்கொள்ளும். 20 பங்கு ஒரு மாதச் சம்பளத்துக்குள் அடங்கிவிடும் என்பதால்தான் கடன் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறேன்.

புதிய நிறுவனம் இத்தொகையை ஈடுசெய்யுமா என்றும் மகள் கேட்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கேட்டால் வாய்மொழி வாக்கோடு நிற்காமல் ஆஃபர் லெட்டரில் எழுதச் சொல்லுங்கள். ஈடுசெய்யும் தொகைக்கு வருமான வரி பிடிக்கப்படலாம், அப்போது கையில் வருவது கட்டியதைவிடக் குறையும். குறிப்பிட்ட காலத்துக்குள் விலகினால் அதைத் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையும் கூடவே வருவதுண்டு. அந்தக் காலம் எவ்வளவு என்று பார்த்த பிறகே மகள் கையெழுத்திட வேண்டும்.