மலைக்கோட்டைகளில் தண்ணீரும் தானியமும் எப்படிச் சேமித்தார்கள்?

செஞ்சிக் கோட்டை உச்சியில் முற்றுகைக் காலத்தில் மாதக்கணக்கில் எப்படித் தாக்குப்பிடித்தார்கள்? தண்ணீர் எங்கிருந்து வந்தது?

பெரும்பகுதி மழைநீர்தான். பாறைச்சரிவில் வழியும் நீரை இயற்கைப் பள்ளங்களிலும் வெட்டிய சுனைகளிலும் தேக்கினார்கள். செஞ்சியின் மூன்று மலைகளில் ராஜகிரி, கிருஷ்ணகிரி இரண்டின் மேலேயும் நீர்நிலைகள் உண்டு.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 10 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், 3 மீட்டர் ஆழமுள்ள சுனையில் 2,40,000 லிட்டர் நிற்கும். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 5 லிட்டர் என்றால் 500 பேருக்கு 96 நாள் வரும். ஆனால் கோடையில் தினம் 5 மில்லிமீட்டர் ஆவியானால் 400 லிட்டர் போய்விடும். 82 நாள்தான் மிஞ்சும். அதனால் அகலத்தைவிட ஆழமும் நிழலும் முக்கியம். ஆள் இறைக்காத இரவில் மட்டம் விரலளவு இறங்கினால் அது ஆவியல்ல, பாறை வெடிப்பில் கசிவு.

செஞ்சியின் களஞ்சியங்கள் தடித்த சுவரும் வளைவுக் கூரையும் கொண்டவை. சேமிக்க அரிசியைவிட நெல்லே நல்லது, உமி பூச்சியைத் தடுக்கும். ஆளுக்கு நாளைக்கு ஒரு கிலோ நெல் என்றால் 500 பேருக்கு ஆறு மாதத்துக்கு 90 டன் வேண்டும். ஈரத்தோடு கொட்டினால் குவியலின் நடுவே சூடேறிப் பூஞ்சை பிடிக்கும். கையை உள்ளே விட்டாலே தெரியும்.

ஆனாலும் 1690 முதல் 1698 வரை முகலாயர் முற்றுகையில் செஞ்சி தாக்குப்பிடித்து நின்றதற்குக் களஞ்சியம் மட்டுமே காரணமல்ல. மூன்று மலைகளையும் சுற்றிய நீண்ட வளையத்தை முகலாயப் படையால் முழுதாக அடைக்க முடியவில்லை. வெளியிலிருந்து உணவு வந்துகொண்டே இருந்தது.