தமிழில் முன்னால் வருவது ஆங்கிலத்தில் பின்னால் வரும்: ஹூ, விச், தட்

கேள்வி: ஆங்கிலத்தில் எழுதும்போது எனக்கு எல்லாமே குட்டிக் குட்டி வாக்கியமாகத்தான் வருகிறது. ஹூ, விச், தட் போட்டு இணைத்துப் பார்த்தால் எங்கேயோ தப்பாகிவிடுகிறது. எதை எங்கே போடுவது, எப்படிச் சரிபார்ப்பது?

முதலில் ஒரு தமிழ்த் தொடரைப் பாருங்கள்: 'ரயிலில் சந்தித்த தோழி'. 'சந்தித்த' என்பது பெயரெச்சம். ஆங்கிலத்தில் ஹூ, விச், தட் என்று தொடங்கி ஒரு பெயரை விவரிக்கும் பகுதியான ரிலேடிவ் கிளாஸ் செய்கிற வேலையைத் தமிழில் இந்தப் பெயரெச்சம்தான் செய்கிறது. நாம் விவரத்தைப் பெயருக்கு முன்னால் வைக்கிறோம். ஆங்கிலத்தில் பெயரை முதலில் சொல்லி, அதை ஒட்டியே ஹூ, விச், தட் ஆகியவற்றில் ஒன்றைப் போட்டு, விவரத்தைப் பின்னால் வைக்கிறார்கள். ஆளுக்கு ஹூ, பொருளுக்கும் விலங்குக்கும் விச், இரண்டுக்கும் தட். ஆளுக்குத் தட் போடக்கூடாது என்று சிலர் சொல்வார்கள், போடலாம், தவறில்லை.

ஒரு உதாரணத்தை முழுதாகச் செய்து பார்ப்போம். கையில் இருப்பவை இரண்டு வாக்கியங்கள்: 'த ஃப்ரெண்ட் டீச்சஸ் மேத்ஸ். ஐ மெட் ஹெர் ஆன் எ ட்ரெயின்.' இரண்டிலும் வருகிற ஆள் தோழிதான். இரண்டாவதில் அவளைக் குறிக்கும் சொல் 'ஹெர்'. அதை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக 'ஹூ' என்று தொடங்கி, 'ஃப்ரெண்ட்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வையுங்கள்: 'த ஃப்ரெண்ட் ஹூ ஐ மெட் ஆன் எ ட்ரெயின் டீச்சஸ் மேத்ஸ்.'

பலர் இங்கே 'ஹூ ஐ மெட் ஹெர்' என்று எழுதிவிடுகிறார்கள். ஹூ வந்துவிட்டதால் 'ஹெர்' ஏற்கெனவே அங்கே இருக்கிறது. இரண்டு முறை சொல்லக்கூடாது. இதைக் கண்டுபிடிக்கத் தமிழே உதவும். 'நான் வாங்கின புத்தகம்' என்போம், 'நான் அதை வாங்கின புத்தகம்' என்று சொல்ல மாட்டோம். ஆகவே 'த புக் விச் ஐ பாட் இட்' என்று எழுதியிருந்தால் அந்த 'இட்' போக வேண்டும்.

இன்னொரு இடத்தில் அதே தமிழ்ப் பழக்கம் நம்மைக் கவிழ்க்கும். 'நான் வேலை செய்யும் ஆபீஸ்' என்பதில் 'இல்' என்ற வேற்றுமை உருபு காணாமல் போய்விடுகிறது. 'நான் பேசின ஆள்' என்பதிலும் 'ஆளிடம்' இல்லை. தமிழில் இது இயல்பு. ஆங்கிலத்தில் அப்படி விட முடியாது: 'த ஆபீஸ் விச் ஐ வொர்க் இன்', 'த மேன் ஹூ ஐ ஸ்போக் டு'. கடைசியில் தொங்குகிற 'இன்', 'டு' தமிழ்க் காதுக்கு உறுத்தலாகத் தோன்றும், ஆனால் அவை வேண்டும். 'ஐ வொர்க் இன் த ஆபீஸ்' என்று தனி வாக்கியமாகச் சொல்லிப் பாருங்கள். அதில் 'இன்' இருந்தால் இதிலும் இருக்க வேண்டும். (கடிதம், அறிக்கை போன்ற முறையான எழுத்தில் 'டு ஹூம் ஐ ஸ்போக்' என்று முன்னால் கொண்டுவருவதும் உண்டு. அப்போது ஹூ, ஹூம் ஆகிவிடும்.)

அப்புறம், கமா. நீங்கள் கேட்கவில்லை என்றாலும், அர்த்தத்தையே மாற்றும் விஷயம் என்பதால் சொல்கிறேன். 'வெளிநாட்டில் இருக்கும் என் அண்ணன் டாக்டர்' என்றால் எனக்கு எத்தனை அண்ணன்கள் என்பது தமிழில் தெரியாது. ஆங்கிலத்தில் கமா அதைச் சொல்லிவிடும். 'மை பிரதர் ஹூ லிவ்ஸ் அப்ராட் இஸ் எ டாக்டர்' என்று கமா இல்லாமல் எழுதினால், பல சகோதரர்களில் வெளிநாட்டில் இருப்பவர் என்று பொருள். 'மை பிரதர், ஹூ லிவ்ஸ் அப்ராட், இஸ் எ டாக்டர்' என்றால் சகோதரர் ஒருவர்தான். வெளிநாடு என்பது கூடுதல் தகவல். அதனால் 'மை மதர்' என்ற சொல்லுக்குப் பின்னால் வரும் ஹூவுக்கு எப்போதும் கமா வேண்டும். கமா போட்ட இடத்தில் தட் வராது. ஹூ அல்லது விச்தான். கமா இல்லாத இடத்தில் விச், தட் இரண்டும் சரி. அமெரிக்கப் பதிப்பாசிரியர்கள் பலர் அங்கே தட்டையே விரும்புவார்கள்.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். ஹூவில் தொடங்கும் பகுதியை விரலால் மறைத்துவிட்டு மீதியைப் படியுங்கள். 'த ஃப்ரெண்ட் ... டீச்சஸ் மேத்ஸ்' முழு வாக்கியமாக நிற்கிறது, சரி. 'த ஃப்ரெண்ட் ஹூ ஐ மெட் ஆன் எ ட்ரெயின்' என்று மட்டும் எழுதி முற்றுப்புள்ளி வைத்திருந்தால், மறைத்த பிறகு 'த ஃப்ரெண்ட்' மட்டும்தான் மிஞ்சும். நடுவில் விவரம் நீளும்போது முக்கிய வினைச்சொல்லை மறந்துபோவது இப்படித்தான் நடக்கிறது. ஒரு வாக்கியத்துக்கு ஒரு ஹூ அல்லது ஒரு விச் என்று தொடங்குங்கள். மூன்றாவது நுழைய வந்தால், அங்கே வாக்கியத்தை உடைத்துவிடுங்கள்.